யாருடைய ‘சராசரி’?

சென்ற ஆண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஒரு பேச்சுப் போட்டியில் நான் தொண்டூழியராக இருந்தேன். நடுவர்களிடமிருந்து மதிப்பெண் படிவங்களை வாங்கி, கூட்டிச் சரிபார்த்து, பட்டியலில் எழுதுவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. தகுதிச் சுற்று முடிந்து பட்டியலைச் சுவரில் ஒட்டிய சிறிது நேரத்தில், உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி என்னிடம் வந்தாள்.

“அக்கா, எனக்கு 40-க்கு 29. எங்க அறையில நான்தான் முதல். ஆனா அடுத்த அறையில கடைசியா வந்தவருக்கே 32 கொடுத்திருக்காங்க. நான் எதுல குறைஞ்சேன்?”

கூட்டலில் தவறு இருக்குமோ என்று இரண்டு முறை பார்த்தேன். தவறு இல்லை. “அடுத்த ஆண்டு இன்னும் நல்லாச் செய்யலாம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறேன். அடுத்த பருவத்தில் அளவீடு பற்றிய பாடத்தில் இரண்டு பிழைகளைப் பற்றிப் படித்தபோது அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஏற்பாட்டுக் குழுவிடம் அனுமதி கேட்டு அந்தப் படிவங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அவள் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. படிவத்தில் அச்சிட்டிருந்த ஐந்து சொற்களில்தான் குறை இருந்தது என்பது என் கருத்து. அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

படிவங்கள் சொன்ன கதை

போட்டியில் 12 மாணவர்கள். நேரம் போதாது என்பதால் குலுக்கல் முறையில் ஆறு ஆறு பேராகப் பிரித்து இரண்டு அறைகளில் பேச வைத்தார்கள். அறைக்கு இரண்டு நடுவர்கள். உள்ளடக்கம், மொழிவளம், உச்சரிப்பு, படைப்பு என நான்கு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகவே ஒரு நடுவர் ஒரு மாணவருக்கு அதிகபட்சம் 20 கொடுக்கலாம். இரண்டு நடுவர்களும் சேர்ந்து 40. இரண்டு அறைகளையும் சேர்த்து, முதல் நான்கு இடங்களில் வருவோருக்கு இறுதிச் சுற்று.

முதல் அறையின் மொத்த மதிப்பெண்கள்: 36, 35, 34, 34, 33, 32. இரண்டாம் அறையில்: 29, 26, 25, 24, 24, 22. இறுதிச் சுற்றுக்குப் போன நால்வரும் முதல் அறையைச் சேர்ந்தவர்கள்.

முதல் அறையில் ஆறு மாணவர்கள், இரண்டு நடுவர்கள், நான்கு கூறுகள் என்று பார்த்தால் மொத்தம் 48 கட்டங்கள். அவற்றில் 36 கட்டங்களில் 4, மீதி 12 கட்டங்களில் 5. ஒரு கட்டத்தில்கூட 3 இல்லை. 2-ஐயும் 1-ஐயும் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்து படிகள் உள்ள ஏணியில் மேலிருந்த இரண்டு படிகளை மட்டுமே அந்த நடுவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்லாருக்கும் தகுதியை விடக் கூடுதலாகக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தைத் தாராளப் பிழை என்கிறார்கள்.

இரண்டாம் அறையின் கதை வேறு. அங்கிருந்த இருவரை மூன்றாம் நடுவர், நான்காம் நடுவர் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் பேசிய வரிசையை மாற்றி, மொத்த மதிப்பெண் வரிசையில் எழுதினால், மூன்றாம் நடுவர் கொடுத்தவை 12, 12, 12, 13, 12, 12. நான்காம் நடுவர் கொடுத்தவை 17, 14, 13, 11, 12, 10. மூன்றாம் நடுவர் நிரப்பிய 24 கட்டங்களில் 23-இல் 3 என்றே இருந்தது. ஒரே ஒரு கட்டத்தில் 4. நல்லது, கெட்டது இரண்டையும் தவிர்த்து நடுவிலேயே நின்றுவிடும் இதற்குப் பெயர் மையப்போக்குப் பிழை.

இந்த இரண்டு பிழைகளும் ஒரே மாதிரியான கெடுதலைச் செய்வதில்லை. ஒரு நடுவர் எல்லாருக்கும் ஒரே அளவு தாராளமாக இருந்தால், அவர் எல்லாரையும் கேட்டிருக்கும் வரை வரிசை மாறாது. எல்லாருக்கும் நான்கு மதிப்பெண் கூடினால் முதலில் இருப்பவர் முதலில்தான் இருப்பார். அவர் சிலரை மட்டும் கேட்டு, மற்றவர்களை வேறொருவர் கேட்கும்போதுதான் தாராளம் அநியாயமாகிறது. எங்கள் போட்டியில் நடந்தது அதுதான். இறுதிச் சுற்றுக்கு யார் போவது என்பதைப் பெருமளவு குலுக்கல் சீட்டே முடிவுசெய்துவிட்டது.

நடுவிலேயே நிற்கும் நடுவரோ, எல்லாரையும் கேட்டாலும் தன் வாக்கைத் தானே இழந்துவிடுகிறார். இரண்டாம் அறையின் வரிசையைப் பாருங்கள். அது கிட்டத்தட்ட நான்காம் நடுவர் போட்ட வரிசைதான். மூன்றாம் நடுவர் ஆறு பேச்சுகளையும் கவனமாகக் கேட்டுக் குறிப்பும் எடுத்தார், நானே பார்த்தேன். ஆனால், அவர் வீட்டிலேயே இருந்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது.

ஒரு சந்தேகம் எழலாம். அந்த ஆறு பேரும் உண்மையிலேயே ஒரே தரத்தில் பேசியிருக்கக் கூடாதா? கூடும். மதிப்பெண்கள் நெருக்கமாக இருப்பது மட்டுமே பிழைக்குச் சான்றாகாது. அதே பேச்சுகளை அதே நேரத்தில் கேட்ட இன்னொருவரின் தாளை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்காம் நடுவரின் மதிப்பெண்கள் 10-லிருந்து 17 வரை விரிந்திருந்தன. தவிர, ஒரு மாணவரின் உள்ளடக்கமும் உச்சரிப்பும் எப்போதும் ஒரே தரத்தில் இருப்பது அரிது. மூன்றாம் நடுவரின் தாளில் ஆறு மாணவர்களுக்கு இடையிலும் வேறுபாடு இல்லை, ஒரே மாணவரின் நான்கு கூறுகளுக்கு இடையிலும் வேறுபாடு இல்லை. இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் சந்தேகம் வலுக்கிறது.

ஐந்து சொற்கள்

இனி படிவத்துக்கு வருவோம். அதில் இருந்த சொற்கள் இவைதான்: 1 – மிக மோசம், 2 – மோசம், 3 – சராசரி, 4 – நன்று, 5 – மிகச் சிறப்பு.

முதலில் கீழிருக்கும் இரண்டைப் பாருங்கள். பதினான்கு வயது மாணவி மேடையேறி ஐந்து நிமிடம் தமிழில் பேசிவிட்டு இறங்குகிறாள். அவளுடைய பெயருக்கு எதிரே ‘மோசம்’ என்று எழுத யாருக்கு மனம் வரும்? வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் குறைந்து வருகிறார்களே என்று கவலைப்படும் ஒருவர்தான் நடுவராகவே வருகிறார். அவருக்கு அந்தப் படிகள் அச்சில் இருக்கின்றனவே தவிர, பயன்பாட்டில் இல்லை. ஐந்து படி ஏணியை அச்சடித்தவர்கள் ‘மோசம்’ என்ற ஒரு சொல்லால் அதை மூன்று படி ஏணியாக்கிவிட்டார்கள்.

அடுத்து மேலிருக்கும் ‘மிகச் சிறப்பு’. இதுவும் கைக்கு எட்டாத சொல்தான். “தகுதிச் சுற்றிலேயே 5 கொடுத்துவிட்டால் இறுதிச் சுற்றில் இதைவிட நன்றாகப் பேசுபவருக்கு எதைக் கொடுப்பது?” என்று ஒரு நடுவர் இடைவேளையில் கேட்டார். நியாயமான கேள்வி. இப்படி யோசிப்பவருக்கு மேல் படியும் போய்விடுகிறது. கீழே இரண்டு, மேலே ஒன்று போனால் மிச்சம் 3-உம் 4-உம்தான். நடுவர் கோழைத்தனமாக நடுவில் நிற்கிறார் என்று நாம் நினைக்கிறோம். நிற்பதற்கு வேறு இடத்தைப் படிவம் அவருக்கு விட்டுவைக்கவில்லை.

ஆனால், எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் நடுவில் இருக்கும் ‘சராசரி’. சராசரி என்றால் யாருடைய சராசரி? போட்டிக்கு வந்தவர்கள் தங்கள் பள்ளிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சாதாரண உயர்நிலை மாணவரோடு ஒப்பிட்டால் அவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் சராசரிக்கு மேல்தான். இப்படிப் புரிந்துகொண்டவர் எல்லாருக்கும் 4 போடுவார். போட்டிக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலோர் சராசரியாகத்தான் இருக்க முடியும். இப்படிப் புரிந்துகொண்டவர் பெரும்பாலோருக்கு 3 போடுவார்.

பின்னர் ஒருநாள் மூன்றாம் நடுவரைச் சந்தித்தபோது இதைப் பற்றிக் கேட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். “ஐயா, எல்லாருக்கும் 3 போட்டிருக்கிறீர்களே?” என்றேன். அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. “வந்த பிள்ளைகள் எல்லாம் நல்லாத்தானம்மா பேசினாங்க. ஆனா இந்த மாதிரிப் போட்டியில இதுதானே எதிர்பார்க்கிற தரம்? அதான் சராசரி” என்றார். முதல் அறையின் நடுவர்களில் ஒருவரையும் கேட்டேன். “இந்த வயசுல இப்படிப் பேசுறது சராசரியா? நல்லா இருக்கு” என்றார் அவர்.

இருவர் சொன்னதும் சரிதான். இருவரும் ஏறக்குறைய ஒரே தரத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு அது 3, இன்னொருவருக்கு 4. நான்கு கூறுகளில் இரண்டு நடுவர்களும் ஆளுக்கு ஒரு மதிப்பெண் வேறுபட்டால் 40-க்கு 8 மதிப்பெண் வேறுபாடு வந்துவிடும். இரண்டு அறைகளின் சராசரிகள் 34-உம் 25-உம். இடைவெளி 9. அந்த இடைவெளி முழுவதும் ஒரு சொல்லால் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால், ஒரு சொல் இவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

வேறு சொல் போட்டால் சரியாகுமா?

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தில் இதைப் பேசியபோது முதலில் எழுந்த யோசனை, ‘சராசரி’யை எடுத்துவிட்டு வேறு சொல் போடலாம் என்பது. ‘பரவாயில்லை’ போடலாம் என்றார் ஒருவர். உடனே வாக்குவாதம். என் பாட்டி சமையலை ருசி பார்த்து “பரவாயில்லையே!” என்றால் அது பெரிய பாராட்டு. தேர்வுத் தாளைப் பார்த்து அம்மா “பரவாயில்லை” என்றால் அது ஆறுதல். ஒரே சொல், சொல்கிற தொனியில் ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். படிவத்தில் தொனியை அச்சடிக்க முடியாது. ‘சுமார்’ என்றால் எங்கள் வயதினருக்கு அது நடுவே அன்று, தெளிவாகக் கீழே. ‘திருப்தி’ என்றால் பெரியவர்கள் காதில் அது நல்ல பாராட்டு. ஆங்கிலப் படிவங்களில் பழகிய எங்களுக்கோ அது ‘தேறிவிட்டாய், அவ்வளவுதான்’. இரண்டு மொழிகளில் படித்து வளர்ந்த நாங்கள் ஒரு சொல்லைப் பார்க்கும்போது இன்னொரு மொழியின் அளவுகோலையும் சேர்த்தே பார்க்கிறோம்.

இரண்டாவது யோசனை, சொற்களை நகர்த்துவது. அளவீட்டு உளவியலில் பெரிதும் மதிக்கப்படும் ஜே. பி. கில்ஃபர்ட், 1954-இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மதிப்பிடுவோர் தாராளமாகத்தான் இருப்பார்கள் என்றால், குறைசொல்லும் சொல்லை ஒன்றோடு நிறுத்திவிட்டு, மீதி இடத்தைப் பாராட்டின் வெவ்வேறு அளவுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது அதன் சாரம். எங்கள் படிவத்தில் அதைச் செய்தால் ‘மோசம், சுமார், நன்று, மிக நன்று, சிறப்பு’ என்பதுபோல் வரும். ‘நன்று’ என்று எழுதத் துடிக்கும் கைக்கு அது 3-ஆம் படியிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேலும் இரண்டு படிகள் இருப்பதால் நல்லவரையும் மிக நல்லவரையும் பிரிக்க இடம் கிடைக்கும்.

இது பயனுள்ள தந்திரம்தான். செலவும் இல்லை. ஆனால், ‘நன்று’க்கும் ‘மிக நன்று’க்கும் இடையில் உள்ள தூரம் ஒவ்வொருவர் மனத்திலும் வேறு. படிகளைப் பிரிக்க இடம் கொடுக்கிறதே தவிர, எந்தப் பேச்சு எந்தப் படி என்று அது சொல்வதில்லை.

மூன்றாவது யோசனை கணக்கு. நடுவர்கள் என்ன போட்டாலும் போடட்டும், பிறகு ஒவ்வொருவர் தாளையும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசையாக மாற்றிக் கூட்டிவிடலாமே என்றார் பொறியியல் படிக்கும் நண்பர். மூன்றாம் நடுவரின் தாளில் அதைச் செய்துபார்த்தோம். ஐந்து பேருக்கு 12, ஒருவருக்கு மட்டும் 13. ஆகவே அந்த ஒருவர் முதலிடம், மற்ற ஐவரும் சமமாக இரண்டாமிடம். ஆனால், நான்காம் நடுவரின் தாளில் அதே மாணவர் ஐந்தாமிடம்! ஒரே ஒரு கட்டத்தில், ஒருவேளை ஏதோ ஒரு கணத்து எண்ணத்தில் போட்ட ஒரு 4, ஒருவரை முதலிடத்துக்குத் தூக்கிவிட்டது. நடுவர் வேறுபடுத்திக் காட்டாததைக் கணக்கால் உருவாக்க முடியாது. தாளில் இல்லாத தகவல் கணிப்பானிலும் இல்லை. பேச்சைக் கேட்கும் நேரத்திலேயே அது பதிவாக வேண்டும்.

தரத்தைச் சொல்லாமல், நடந்ததைச் சொல்வது

இந்தச் சிக்கலுக்கு 1963-இல் பட்ரிஷியா ஸ்மித், லோர்ன் கெண்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வழி காட்டினார்கள். மருத்துவமனைத் தாதியரின் பணியை மதிப்பிடுவதற்கான அளவுகோல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ‘நன்று’, ‘சராசரி’ போன்ற சொற்களுக்குப் பதிலாக, அந்தந்தப் படியில் இருப்பவர் என்ன செய்வார் என்பதையே அளவுகோலில் எழுதினார்கள். அந்த வாக்கியங்களையும் ஆய்வாளர்கள் தாங்களாக எழுதவில்லை. அந்த வேலையை நன்கு அறிந்த தாதியரிடமிருந்தே திரட்டினார்கள். பிறகு அவற்றைக் கலைத்து, வேறொரு குழுவிடம் கொடுத்து, எந்த வாக்கியம் எந்தக் கூறைச் சேர்ந்தது என்று பிரிக்கச் சொன்னார்கள். அந்தக் குழுவினர் ஒத்துப்போகாத வாக்கியங்களைத் தூக்கிவிட்டார்கள். மிஞ்சியவற்றுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, அதிலும் கருத்து சிதறிய வாக்கியங்களை நீக்கினார்கள்.

இதன் சிறிய வடிவம் ஒன்றை எங்கள் மன்றத்தில் செய்துபார்த்தோம். முன்பு போட்டிகளில் பேசியவர்கள், நடுவராக இருந்தவர்கள் என எட்டுப் பேரிடம், ‘நல்ல பேச்சு, நடுத்தரப் பேச்சு, பலவீனமான பேச்சு ஒவ்வொன்றிலும் நீங்கள் கண்ணால் பார்த்த, காதால் கேட்ட ஒன்றை எழுதுங்கள்’ என்று கேட்டோம். துண்டுச் சீட்டுகளில் ஏறக்குறைய 40 வாக்கியங்கள் சேர்ந்தன. அவற்றை வேறு நண்பர்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னோம்.

எதெல்லாம் கழன்று விழுந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. ‘சபையைத் தன்வசப்படுத்துகிறார்’ என்ற வாக்கியத்தைச் சிலர் படைப்பில் வைத்தார்கள், சிலர் மொழிவளத்தில், ஒருவர் உள்ளடக்கத்தில். எல்லாருக்கும் பிடித்த வாக்கியம் அது. ஆனால், எதை அளக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ‘மனப்பாடம் செய்ததுபோல் பேசுகிறார்’ என்பதைச் சிலர் தடங்கல் இல்லை என்று பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள், சிலர் உயிரில்லை என்று குறையாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் நீக்கினோம். கடைசியில் ‘உள்ளடக்கம்’ என்ற கூறுக்கு மட்டும் இப்படி ஒரு அளவுகோல் கிடைத்தது:

1 – தலைப்பை விட்டு விலகி வேறு பொருளைப் பற்றியே பெரும்பகுதி பேசுகிறார்.
2 – தலைப்பைப் பற்றிப் பேசுகிறார்; ஆனால், பொதுவான கருத்துகள் மட்டுமே, எடுத்துக்காட்டு இல்லை.
3 – குறைந்தது ஒரு கருத்துக்கு எடுத்துக்காட்டு தருகிறார். அது கருத்தை எப்படி நிறுவுகிறது என்று விளக்கவில்லை.
4 – முக்கியக் கருத்துகள் ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு தந்து, அதன் பொருத்தத்தை விளக்குகிறார்.
5 – நான்காம் படியில் உள்ளதோடு, எதிர்க்கருத்து ஒன்றை எடுத்துச் சொல்லி அதற்குப் பதிலும் தருகிறார்.

இதில் ‘மோசம்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். 2 போடும் நடுவர் அந்த மாணவியைப் புண்படுத்தவில்லை. எடுத்துக்காட்டு வரவில்லை என்று குறித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அதனால் கீழ்ப்படிகளுக்கு உயிர் வருகிறது. 5-ஐ இறுதிச் சுற்றுக்காகச் சேமிக்கவும் தேவையில்லை. எதிர்க்கருத்தைச் சொல்லிப் பதிலளித்தாரா இல்லையா என்பது எந்தச் சுற்றிலும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் 3 இப்போது ஒதுங்கி நிற்கும் இடமும் அன்று. 3 போட வேண்டுமென்றால் எடுத்துக்காட்டு இருந்ததா, விளக்கம் இல்லையா என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு சின்னச் சோதனையும் செய்தோம். பழைய பேச்சு ஒன்றின் ஒளிப்பதிவை மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள் எட்டுப் பேருக்குக் காட்டினோம். நால்வர் கையில் பழைய படிவம், நால்வர் கையில் புதியது. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. உள்ளடக்கத்துக்குப் பழைய படிவத்தில் வந்தவை 4, 4, 3, 4. புதியதில் வந்தவை 2, 2, 3, 2. பேச்சு இனிமையானது, ஆனால், எடுத்துக்காட்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ‘நன்று’ என்ற சொல் அந்த இனிமைக்கு மதிப்பெண் கொடுத்திருந்தது.

எட்டுப் பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. எனக்குப் பிடித்தது அந்த ஒற்றை 3. ஏன் 3 என்று கேட்டபோது, பேச்சில் வந்த ஒரு பழமொழியை அவர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டிருந்தார். மற்ற மூவரும் அப்படிக் கணக்கிடவில்லை. பத்து நிமிடம் பேசி, பழமொழி எடுத்துக்காட்டாகாது என்று முடிவுசெய்து, அதையும் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்தோம். பழைய படிவத்தில் ஒருவர் 3-உம் மற்றவர் 4-உம் போட்டால் ‘அவரவர் ரசனை’ என்று போய்விடுவோம். புதிய படிவத்தில் கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

சொற்களால் முடியாதவை

சொற்களை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. ஸ்மித், கெண்டல் இருவரின் முறைக்கு முதலில் பெரும் வரவேற்பு இருந்தது. பிறகு பலர் பழைய வகை அளவுகோல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தாராளத்தையும் மையப்போக்கையும் அது எப்போதும் குறைத்துவிடவில்லை என்று தெரிந்தது. ஃபிராங்க் லாண்டி, ஜேம்ஸ் ஃபார் இருவரும் 1980-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, படிவத்தின் வடிவத்தையே ஆராய்ந்துகொண்டிருப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம் என்று சொல்லும் அளவுக்குப் போனார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. மதிப்பிடுபவருக்குத் தரம் தெரியாததால் மட்டும் தாராளம் வருவதில்லை. தெரிந்தும் எழுத மனமில்லாததால் வருகிறது. ஜவஹர், வில்லியம்ஸ் என்ற இருவர் 1997-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதைக் காட்டுகிறது. சம்பளம், பதவி உயர்வு போன்ற முடிவுகளுக்காகத் தரப்படும் மதிப்பெண்கள், ஆய்வுக்காகவோ ஒருவரின் முன்னேற்றத்துக்காகவோ தரப்படுபவற்றை விடக் கூடுதலாக இருக்கின்றன. வேலை அதேதான், விளைவு மாறினால் பேனா மாறுகிறது. பல்கலைக்கழகக் குழுப்பணிகளில் சக மாணவர்களுக்கு மதிப்பெண் போடும்போது எல்லாருக்கும் 5 போட்டுவிட்டு வருகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நண்பர் ஒரு வேலையும் செய்யவில்லை என்பது நமக்குத் தெரியும். படிவத்தின் எந்தச் சொல்லும் அதை நம்மிடமிருந்து மறைக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். தெரியாமையால் வரும் பிழையைச் சொற்கள் குறைக்கும். தயக்கத்தால் வரும் பிழையை ஏற்பாடுகள்தான் குறைக்கும். பேச்சுப் போட்டி நடத்துவோர் இரண்டையும் செய்யலாம். படிகளுக்குப் பெயர் வைக்காமல், அந்தப் படியில் என்ன கேட்கும் என்று எழுதலாம். போட்டிக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, எல்லா நடுவர்களையும் ஒரே ஒளிப்பதிவுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, வேறுபாடுகளைப் பேசிவிடலாம். அறைகள் பிரிந்தால், மொத்தப் பட்டியலில் முதல் நால்வரை எடுக்காமல், அறைக்கு இருவரை எடுக்கலாம். குலுக்கலில் திறமையானவர்கள் ஒரே அறையில் சேர்ந்துவிட்டால் அதிலும் அநியாயம் நேரலாம் என்பது உண்மைதான். ஆனாலும், ஓர் அறை முழுவதுமே விழுந்துவிடாது. நடுவரின் பெயரோடு மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டாமல் இருந்தால் தயக்கமும் கொஞ்சம் குறையும்.

இவ்வளவு உழைப்பு ஒரு பள்ளிப் போட்டிக்குத் தேவையா என்று மன்றத்தில் ஒருவர் கேட்டார். அந்த மாணவியின் கேள்வியைத்தான் நான் திரும்பச் சொன்னேன். “நான் எதுல குறைஞ்சேன்?” அவளுடைய தாளில் மூன்றாம் நடுவர் நான்கு கட்டங்களிலும் 3 போட்டிருந்தார். ‘நீ சராசரி’ என்பதைத் தவிர அந்தத் தாள் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. அதே 3 புதிய படிவத்தில் இருந்திருந்தால், ‘எடுத்துக்காட்டு சொன்னாய், ஆனால், அது உன் கருத்தை எப்படி நிறுவுகிறது என்று சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விட்டாய்’ என்று நான் அவளிடம் சொல்லியிருக்க முடியும். அவள் ஒப்புக்கொண்டிருக்கலாம், இல்லை என்று என்னோடு வாதாடியும் இருக்கலாம். அவள் இப்போது உயர்நிலை மூன்றில் இருப்பாள். அடுத்த போட்டிக்கான புதிய படிவத்தை ஏற்பாட்டுக் குழுவிடம் கொடுத்திருக்கிறோம். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.